ஆர்.ஓ. மெம்பிரேன் ஏழு மாதத்தில் போய்விடுகிறது: எந்த மாடல் வாங்குவது, எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றுவது?

சுமதி (தண்டையார்பேட்டை)

வணக்கம். எங்கள் வீட்டில் சுவரில் மாட்டும் சாதாரண ஆர்.ஓ. மெஷின் இருக்கிறது. பெரிய கம்பெனி இல்லை, பாரிமுனைப் பக்கம் ஒரு கடையில் அசெம்பிள் செய்து கொடுத்தது. அபார்ட்மெண்ட் சம்பில் மெட்ரோ தண்ணீரும் போர் தண்ணீரும் கலந்துதான் மேலே ஏறும். போன வாரம் டி.டி.எஸ். பேனா மீட்டர் வாங்கிப் பார்த்தேன். உள்ளே வருவது 1650. குழாயில் பிடிக்கும் நல்ல தண்ணீர் 420.

மெம்பிரேன் மாற்றி ஏழு மாதம்தான் ஆகிறது. மாற்றிய அன்று சர்வீஸ்காரரின் மீட்டரில் 90 காட்டியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இப்போது டேங்க் நிறையவும் ரொம்ப நேரமாகிறது. அவரைக் கூப்பிட்டால் "உங்க தண்ணி அப்படி, வருஷத்துக்கு ரெண்டு மெம்பிரேன் ஆகத்தான் செய்யும்" என்கிறார். ஒவ்வொரு தடவையும் இரண்டாயிரத்துக்கு மேல் செலவு.

இந்தத் தடவை நானே வாங்கிவிடலாம் என்று ஆன்லைனில் பார்த்தால் 75, 80, 100 என்று பல மாடல் இருக்கிறது. எது என் மெஷினுக்குப் பொருந்தும்? உண்மையில் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்?

கணேஷ் (வியாசர்பாடி)

அக்கா, யோசிக்காமல் 100 போடுங்கள். வீட்டு மெஷினில் ஹவுசிங் எல்லாம் ஒரே அளவுதான், 75 உட்காரும் இடத்தில் 100-ம் உட்காரும். தண்ணீர் சீக்கிரம் நிறையும். எங்கள் வீட்டில் 100 தான் ஓடுகிறது. ஆயுள் என்று பார்த்தால் நம்ம ஏரியா தண்ணீருக்கு ஒரு வருடம், அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது.

ஆரோன் (மணலி)

எங்கள் மெஷினில் யு.வி. விளக்கு எரிகிறது, ஆனால் பச்சை லைட்டுக்குப் பதில் சிவப்பு மின்னுகிறது. அதுவும் மெம்பிரேன் பிரச்சினையா?

ரஃபி (கொருக்குப்பேட்டை, ஆர்.ஓ. சர்வீஸ்)

ஆரோன் தம்பி, அது விளக்கோ சோக்கோ சம்பந்தப்பட்டது. தனி இழை போடுங்கள், அங்கே பார்ப்போம்.

சுமதி அக்கா, மெம்பிரேன் வாங்குவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது வேஸ்ட் பைப்பை ஒரு அளவு ஜாடியில் சரியாக ஒரு நிமிடம் பிடித்து எத்தனை மில்லி என்று எழுதுங்கள். டேங்க் மூடியைத் திறந்து, நல்ல தண்ணீர் விழும் பைப்பையும் அதே மாதிரி ஒரு நிமிடம் பிடியுங்கள். டேங்க் நிறைந்திருந்தால் மோட்டார் ஓடாது, கொஞ்சம் தண்ணீரை இறக்கிவிட்டுப் பாருங்கள். ஓட ஆரம்பித்து ஐந்து நிமிடம் போன பிறகு அளவெடுங்கள். ராத்திரி முழுக்கச் சும்மா இருந்த மெஷினில் முதலில் வரும் தண்ணீருக்கு டி.டி.எஸ். எப்போதும் அதிகமாகக் காட்டும், அதைக் கணக்கில் எடுக்கக் கூடாது.

இன்னொன்று. மெஷினுக்குள் வேஸ்ட் பைப் போகும் வழியில் விரல் நீளத்தில் வெள்ளையாக ஒரு பிளாஸ்டிக் உருளை இருக்கும். மேலே அம்புக்குறியும் ஒரு நம்பரும் அச்சடித்திருக்கும். அந்த நம்பர் எனக்கு வேண்டும்.

கணேஷ் (வியாசர்பாடி)

பாய், ஃப்ளோ ரெஸ்ட்ரிக்டர், அதாவது எஃப்.ஆரைத்தானே சொல்கிறீர்கள்? அது வெறும் ஒரு துண்டு. பிரஷர் கொடுப்பது பம்ப். எஃப்.ஆரால் மெம்பிரேன் போகுமா?

ரஃபி (கொருக்குப்பேட்டை, ஆர்.ஓ. சர்வீஸ்)

பம்ப் தண்ணீரைத் தள்ளும், அவ்வளவுதான். எதிரே தடுப்பு இல்லாவிட்டால் பிரஷர் எப்படி ஏறும்? ஹோஸ் பைப்பின் வாயைக் கட்டை விரலால் பாதி அடைத்தால் பின்னால் விறைக்குமே, அந்த வேலையைத்தான் எஃப்.ஆர். செய்கிறது. உள்ளே முடி போல மெல்லிய குழல் ஒன்று இருக்கும், வேஸ்ட் தண்ணீர் அதன் வழியாக மட்டும்தான் வெளியே போக முடியும். அந்தத் துளை எவ்வளவு விடுகிறதோ அதை வைத்துத்தான் மெம்பிரேனுக்கு மேல் பிரஷர் நிற்கும், உப்பும் கழுவிக்கொண்டு போகும். துளை பெரிதானால் பிரஷர் நிற்காது, நல்ல தண்ணீர் குறையும். துளை சிறிதானால் ஆரம்பத்தில் எல்லாம் நன்றாகத் தெரியும், நல்ல தண்ணீரும் நிறைய வரும், ஆனால் உப்பு மெம்பிரேன் மேலேயே தங்கிவிடும். அக்கா வீட்டில் இந்த இரண்டாவதுதான் நடக்கிறது என்று சந்தேகப்படுகிறேன். அளவு வரட்டும்.

சுமதி (தண்டையார்பேட்டை)

ரஃபி பாய், இப்போதுதான் எடுத்தேன். வேஸ்ட் ஒரு நிமிடத்துக்கு 140 மில்லி. நல்ல தண்ணீர் 95 மில்லி. அந்த உருளையில் 300 என்று போட்டிருக்கிறது. பைப்பைக் கழற்றிப் பார்த்தபோது வாயில் வெள்ளையாகச் சுண்ணாம்பு மாதிரி ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினால் பொடிப்பொடியாக வந்தது.

ரஃபி (கொருக்குப்பேட்டை, ஆர்.ஓ. சர்வீஸ்)

இதுதான் காரணம். பொறுமையாகப் படியுங்கள்.

உங்கள் மெஷினில் இருப்பது பெரும்பாலும் 1812 சைஸ் 75 மெம்பிரேன். 75 என்றால் ஒரு நாளைக்கு 75 அமெரிக்க கேலன். அதை மில்லியாக்கினால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 197 வரும். அது கம்பெனி சோதனைத் தண்ணீரில் வந்த அளவு, அந்தத் தண்ணீரில் உப்பு மிகக் குறைவு. உங்கள் 1650 தண்ணீரில் புது மெம்பிரேனே 150 பக்கம் கொடுத்தால் நல்லது. இதற்கு 300 எஃப்.ஆர்., அதாவது நிமிடத்துக்கு 300 மில்லி வேஸ்ட் விடுவது, போட்டிருக்கிறார்கள். வேஸ்ட் குறைவாகப் போகும் என்று சொல்லி யாரோ மாட்டியிருப்பார்கள். அந்த 300-ம் இப்போது உப்பு அடைத்து 140 தான் விடுகிறது.

என்ன நடக்கிறது பாருங்கள். உள்ளே வரும் உப்பில் பெரும்பகுதி வேஸ்ட்டில்தான் போயாக வேண்டும். நல்ல தண்ணீர் 150, வேஸ்ட் 450 என்று போனால், 600 மில்லியில் வந்த உப்பு 450 மில்லிக்குள் சேரும். 1650 என்பது வெளியேறும் இடத்தில் 2200 ஆகும். அதே 150-க்கு வேஸ்ட் 140 தான் என்றால் 3400-க்கு மேல் போகும். அந்த அளவுக்குக் கெட்டியானால் கால்சியம் தண்ணீரில் கரைந்து நிற்காது, மெம்பிரேன் மேலேயே படியும். நீங்கள் நகத்தால் சுரண்டிய அதே பொடிதான் உள்ளே சுருட்டிய தாளுக்கு நடுவிலும் இருக்கிறது. எஃப்.ஆர். அடைக்க அடைக்க மெம்பிரேனில் படியும், மெம்பிரேனில் கழன்ற துகள் வந்து மறுபடி எஃப்.ஆரை அடைக்கும்.

சர்வீஸ்காரர் ஒவ்வொரு தடவையும் மெம்பிரேனை மட்டும் மாற்றினார். பழைய எஃப்.ஆர். அப்படியே நின்றது. புது மெம்பிரேன் முதல் நாளிலிருந்தே கெட்ட இடத்தில் உட்கார்ந்தது. எஃப்.ஆர். நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் சாமான். மெம்பிரேன் மாற்றும்போதெல்லாம் அதையும் மாற்றியே தீர வேண்டும், இதில் நான் யாரிடமும் சமரசம் செய்வதில்லை.

டேவிட் (திருவொற்றியூர்)

ஒரு சந்தேகம். எங்கள் வீட்டில் போர் தண்ணீர் மட்டும்தான், உள்ளே 2400 காட்டுகிறது. அக்கா வீட்டைவிட மோசம். ஆனால் மெம்பிரேன் இரண்டு வருடத்தைத் தாண்டி ஓடுகிறது. எஃப்.ஆரை நான் தொட்டதே இல்லை. உங்கள் கணக்குப்படி எங்களுடையது எப்போதோ போயிருக்க வேண்டுமே?

ரஃபி (கொருக்குப்பேட்டை, ஆர்.ஓ. சர்வீஸ்)

நல்ல கேள்வி, டேவிட் தம்பி. டி.டி.எஸ். மீட்டர் எவ்வளவு உப்பு என்று மட்டும்தான் சொல்லும், என்ன உப்பு என்று சொல்லாது. கடலோரத்தில் உங்கள் பக்கம் வருவது பெரும்பாலும் சமையல் உப்பு வகை, கரிப்பாக இருக்கும். அது பிரஷரை விழுங்கும், நல்ல தண்ணீர் மெதுவாக வரும், ஆனால் சுலபத்தில் படியாது. படிவது கால்சியமும் மெக்னீசியமும்தான், அதாவது தண்ணீரின் கடினத்தன்மை. சோப்பு நுரைக்கிறதா? வெந்நீர் வைக்கும் பாத்திரத்தில் வெள்ளைப் பத்து பிடிக்கிறதா?

டேவிட் (திருவொற்றியூர்)

நுரை கொஞ்சம் வரும். பத்து பிடிக்கிறது, ஆனால் ரொம்ப இல்லை. கரிப்புதான் அதிகம்.

ரஃபி (கொருக்குப்பேட்டை, ஆர்.ஓ. சர்வீஸ்)

அப்படியானால் அதுவாக இருக்கலாம். கடினத்தன்மை சொட்டு கிட் ஒன்று வாங்கிச் சோதித்துப் போடுங்கள். அதைப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல மாட்டேன், உங்கள் எஃப்.ஆர். முதலிலேயே பெரிய நம்பராக இருந்திருக்கவும் வாய்ப்புண்டு.

வசந்தா டீச்சர் (ராயபுரம்)

எனக்கு இதில் ஒரு மனக்குறை. 150 மில்லி நல்ல தண்ணீருக்கு 450 மில்லி வேஸ்ட் என்றால் ஒரு குடம் குடிக்க மூன்று குடம் சாக்கடைக்குப் போகிறது. எங்கள் வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் நாளைக்கு 15 லிட்டர் ஆகிறது, அப்படியானால் 45 லிட்டர் போகும். 2019 கோடையில் புழல் ஏரி வறண்டு கிடந்தபோது இந்தத் தெருவில் லாரிக்காகக் குடத்தோடு நின்றவள் நான். அந்தப் பழைய சர்வீஸ்காரர் வேஸ்ட்டைக் குறைக்க நினைத்ததில் நியாயம் இல்லையா?

ரஃபி (கொருக்குப்பேட்டை, ஆர்.ஓ. சர்வீஸ்)

டீச்சரம்மா, நினைப்பு நியாயம்தான், அந்தத் தண்ணீருக்கு அது பொருந்தாது என்பதே என் வாதம். மெட்ரோ தண்ணீர் மட்டும் வரும் வீட்டில், டி.டி.எஸ். 300 மாதிரி இருந்தால், அதே 75 மெம்பிரேனுக்கு 300 எஃப்.ஆர். தாராளமாகப் போதும், நானே அப்படித்தான் மாட்டுகிறேன். 1500-க்கு மேல், அதிலும் பத்து பிடிக்கிற தண்ணீரில், நல்ல தண்ணீரைப் போல மூன்று மடங்கு வேஸ்ட் போகாவிட்டால் மெம்பிரேன் நிற்காது. வேஸ்ட்டை ஒரு டிரம்மில் பிடித்து வீடு துடைக்க, கழிவறைக்கு ஊற்ற வைத்துக்கொள்ளலாம். செடிக்கு மட்டும் வேண்டாம், 2200 உப்பு மண்ணைக் கெடுத்துவிடும்.

இதைவிட நல்ல வழி, சமையலறை ஆர்.ஓ.வுக்கு மட்டும் மெட்ரோ தண்ணீரைத் தனியாகக் கொடுப்பது. மீஞ்சூர் பக்கம் காட்டுப்பள்ளியில் கடல் நீரைச் சுத்திகரிக்கும் ஆலை 2010-லிருந்து ஓடுகிறது, நாளைக்கு 10 கோடி லிட்டர் அதன் கொள்ளளவு, அந்தத் தண்ணீர் வடசென்னைக்குத்தான் வருகிறது. இவ்வளவு நல்ல தண்ணீரைச் சம்பில் போர் தண்ணீரோடு கலந்துவிட்டு, அப்புறம் வீட்டுக்கு வீடு மெஷின் வைத்துப் பிரிக்கிறோம்.

சுமதி (தண்டையார்பேட்டை)

அது அசோசியேஷன் சம்மதிக்க வேண்டிய விஷயம், பாய். இரண்டு சம்பு, இரண்டு மோட்டார், புது பைப் என்று செலவு வரும். கூட்டத்தில் எழுப்பிப் பார்க்கிறேன். இப்போதைக்கு என் மெஷினுக்கு வருகிறேன். 100 போடலாமா?

ரஃபி (கொருக்குப்பேட்டை, ஆர்.ஓ. சர்வீஸ்)

கணேஷ் சொன்னதில் பாதி சரி. 100 உட்காரும். ஹவுசிங் மூடியைச் சாவியால் திறந்தால் உள்ளே ஏறக்குறைய 30 செண்டிமீட்டர் நீள உருளை, ஒரு முனையில் நடுக்குழாயில் இரண்டு கறுப்பு ஓ-ரிங் இருக்கும். லேபிளில் 1812-75 என்றோ 1812-80 என்றோ இருந்தால், அந்தச் சைஸில் எந்த கம்பெனி மெம்பிரேனும் பொருந்தும். 75-க்குப் பதில் 80 போடலாம், வேறு எதையும் மாற்ற வேண்டியதில்லை. 2012 என்று ஆரம்பிப்பது கொஞ்சம் தடிமன். பெரும்பாலான ஹவுசிங்கில் அதுவும் போகும், ஆனால் போட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

சரியில்லாத பாதி என்னவென்றால், உங்கள் பம்ப் 75-க்கான 24 வோல்ட் பம்ப். 100-க்கு இன்னும் அதிகத் தண்ணீர் வேண்டும். நல்ல தண்ணீரும் வேஸ்ட்டும் சேர்ந்து எவ்வளவு வேண்டுமோ அவ்வளவையும் அதே பிரஷரில் தள்ள அந்தப் பம்பால் முடியாது. பிரஷர் இறங்கும், பிரஷர் இறங்கினால் உப்பைத் தடுக்கும் சக்தியும் இறங்கும். 100 வேண்டுமென்றால் பம்பு, அடாப்டர், எஃப்.ஆர். மூன்றையும் சேர்த்து மாற்ற வேண்டும். கணேஷ் வீட்டில் இதெல்லாம் பொருந்தி இருக்கலாம்.

கணேஷ் (வியாசர்பாடி)

எங்கள் பம்ப் 100 தான், இப்போது பார்த்தேன். வாங்கும்போதே அப்படித்தான் வந்தது. எஃப்.ஆர். நம்பர் அழிந்துபோயிருக்கிறது.

ரஃபி (கொருக்குப்பேட்டை, ஆர்.ஓ. சர்வீஸ்)

நம்பர் அழிந்தால் ஜாடியில் அளந்து பாருங்கள். அச்சடித்த நம்பரைவிட அந்த அளவுதான் உண்மை. பிரஷர் ஏறினால் இறங்கினால் 450 எஃப்.ஆரும் 400 விடும், 480 விடும்.

பிரியா (மாதவரம்)

எங்களுடையது பெரிய கம்பெனி மெஷின். சாவி போட்டுத் திறக்கும் ஹவுசிங்கே இல்லை. முழுக்க மூடிய கார்ட்ரிட்ஜ், திருகிக் கழற்றி மாட்டுவது. இதே விலை குறைந்த மெம்பிரேனைப் போட முடியுமா?

ரஃபி (கொருக்குப்பேட்டை, ஆர்.ஓ. சர்வீஸ்)

முடியாது. அந்த மாதிரிக்கு அந்த கம்பெனி கார்ட்ரிட்ஜ்தான், அதுவும் உங்கள் மாடல் பெயர் பெட்டியில் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். அதே கம்பெனியின் இன்னொரு மாடலுக்கு வாய்ப் பொருத்தம் வேறாக இருக்கும். ஒட்டுப் போட்டு மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் விட்டுவிடுங்கள், ராத்திரியில் கசிந்து சமையலறை நனையும்.

அன்பு (பெரம்பூர்)

கொஞ்சம் பொறுங்கள். சுமதி அக்காவுக்கு வருவது 420. இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500-ல் குடிநீருக்கு 500 வரை ஏற்கத்தக்கது, வேறு வழி இல்லாதபோது 2000 வரை அனுமதி என்று இருக்கிறது. அப்புறம் எதற்கு மாற்ற வேண்டும்? குடித்துக்கொண்டே இருக்கலாமே.

ரஃபி (கொருக்குப்பேட்டை, ஆர்.ஓ. சர்வீஸ்)

குடிக்கலாம், அதில் மறுப்பில்லை. மாற்றும் நேரத்தை மட்டும் 500-ஐ வைத்து முடிவு செய்ய முடியாது. ஒரு வீட்டில் 1650 வந்து 420 ஆகிறது, இன்னொரு வீட்டில் 450 வந்து 420 ஆகிறது. இரண்டாவது வீட்டில் மெம்பிரேன் வேலையே செய்யவில்லை. அதனால் எத்தனை சதவீதம் தடுக்கிறது என்று பார்க்க வேண்டும். புதிதாகப் போட்ட அன்று அக்கா வீட்டில் 1650-ல் 90 வந்தது, அதாவது நூற்றுக்குத் தொண்ணூற்று நாலரை தடுத்தது. அது 80 பக்கம் இறங்கினாலோ, நிமிடத்துக்கு வரும் நல்ல தண்ணீர் முதல் நாள் அளவில் பாதியானாலோ மாற்றலாம். எத்தனை மாதம் என்ற கேள்விக்கு என் பதில் இதுதான். மெம்பிரேன் போட்ட அன்றே இந்த இரண்டு அளவையும் மெஷின் மூடியின் உள்பக்கம் மார்க்கரில் எழுதிவிடுங்கள்.

அக்கா, இன்னொரு அளவு வேண்டும். குழாயில் பிடிக்காமல், மெம்பிரேன் ஹவுசிங்கிலிருந்து நல்ல தண்ணீர் வெளியே வரும் பைப்பையே கழற்றி அதில் டி.டி.எஸ். பாருங்கள். ஹவுசிங்கின் ஒரு பக்கம் இரண்டு பைப் வரும். எஃப்.ஆருக்குப் போவது வேஸ்ட், மற்றது நல்ல தண்ணீர்.

சுமதி (தண்டையார்பேட்டை)

பார்த்துவிட்டேன். நேராக மெம்பிரேன் பைப்பில் 310. குழாயில் 420. இது எப்படி?

ரஃபி (கொருக்குப்பேட்டை, ஆர்.ஓ. சர்வீஸ்)

ருசிக்காக என்று சொல்லி டி.டி.எஸ். கண்ட்ரோலரைத் திறந்து வைத்திருக்கிறார்கள். மெம்பிரேனுக்குப் போகாத தண்ணீரைக் கொஞ்சம் கலப்பதற்குத்தான் அந்தச் சின்ன வால்வு. புது மெம்பிரேன் 20, 30 என்று மிகவும் குறைவாகக் கொடுக்கும் வீட்டில் அதற்கு ஒரு பயன் உண்டு. உங்கள் தண்ணீருக்கு அதைத் திறக்கவே கூடாது, கலப்பது 1650 தண்ணீர். முழுக்க மூடுங்கள். குழாயில் பார்த்து மெம்பிரேன் போய்விட்டது என்று சொல்லும் பல வீட்டில் குற்றவாளி இந்த வால்வுதான்.

ஆக உங்கள் மெம்பிரேன் தடுப்பது 81 சதவீதம். ஓரத்தில் நிற்கிறது, முழுக்கப் போகவில்லை. முதலில் எஃப்.ஆரை மட்டும் மாற்றிப் பாருங்கள். 450 வாங்குங்கள், கால் இஞ்சுப் பைப் இரண்டு முனையிலும் தள்ளி மாட்டும் வகை. பழையதைக் கழற்றும்போது பைப்பின் முனையைப் பிளேடால் நேராக ஒரு துண்டு வெட்டிவிட்டு மாட்டுங்கள், சரிவாக வெட்டினால் கசியும். அம்புக்குறி வெளியே போகும் திசையைப் பார்க்க வேண்டும்.

நாசர் (புதுவண்ணாரப்பேட்டை)

சிட்ரிக் ஆசிட் போட்டு மெம்பிரேனைக் கழுவலாமே? யூடியூபில் வினிகர் ஊற்றி ஊறவைத்துப் புதிது மாதிரி ஆக்குகிறார்கள்.

ரஃபி (கொருக்குப்பேட்டை, ஆர்.ஓ. சர்வீஸ்)

கால்சியம் படிவு சிட்ரிக்கில் கரையும், அது உண்மை. லிட்டருக்கு 20 கிராம் கரைத்து ஓடவிட்டால் தண்ணீர் அளவு கொஞ்சம் திரும்பும். ஆனால் படிவம் இறுகிப்போயிருந்தால் நடு மடிப்பு வரை ஆசிட் போகாது. எப்படிப் போனது என்பதைப் பொறுத்தும் இருக்கிறது. நல்ல தண்ணீர் குறைந்துகொண்டே டி.டி.எஸ். மெல்ல ஏறினால் படிவு, அதைக் கழுவிப் பார்க்கலாம். நல்ல தண்ணீர் முன்பைவிட அதிகமாக வந்து டி.டி.எஸ்.ஸும் ஏறினால் குளோரின் மெம்பிரேனை அரித்துவிட்டது என்று அர்த்தம், அதற்கு எந்தக் கழுவலும் உதவாது. லாரித் தண்ணீர் வாங்கும் வீடுகளில் இதைப் பார்க்கிறேன், கார்பன் ஃபில்டரை நேரத்துக்கு மாற்றாததால் வருவது. புது மெம்பிரேன் போட்ட அன்றே டி.டி.எஸ். அதிகமாக இருந்தால் மூன்றாவது வகை: ஓ-ரிங் சரியாக உட்காரவில்லை, பக்கவாட்டில் தண்ணீர் நழுவுகிறது. ஓ-ரிங்குக்குத் தண்ணீரைத் தடவித் தள்ளுங்கள், வாசலின் தடவினால் ரப்பர் ஊறி உப்பிவிடும்.

அன்பு (பெரம்பூர்)

எங்கள் வீட்டில் மெட்ரோ மட்டும்தான், உள்ளே 210. சர்வீஸ் ஒப்பந்தத்தில் வருடா வருடம் மெம்பிரேன் மாற்றுகிறார்கள். தேவையா?

ரஃபி (கொருக்குப்பேட்டை, ஆர்.ஓ. சர்வீஸ்)

கார்பனும் ஸ்பன்னும் நேரத்துக்கு மாற்றினால் அந்தத் தண்ணீரில் மெம்பிரேன் மூன்று வருடம் சாதாரணமாக ஓடும். மாற்றும் அன்று பழையதின் அளவை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். 90 சதவீதத்துக்கு மேல் தடுக்கிற மெம்பிரேனைக் கழற்ற விடாதீர்கள். சொல்லப்போனால் 210-க்கு ஆர்.ஓ.வே தேவையா என்பது வேறு பேச்சு.

சுமதி (தண்டையார்பேட்டை)

450 எஃப்.ஆர். வாங்கி நேற்று மாட்டினேன், கண்ட்ரோலரையும் மூடிவிட்டேன். இன்று காலை எடுத்த அளவு: வேஸ்ட் 430, நல்ல தண்ணீர் 90. குழாயிலேயே 255 தான் காட்டுகிறது. மெம்பிரேன் அதேதான்! தண்ணீரில் இருந்த அந்த லேசான கரிப்பும் போய்விட்டது, என் மாமியாரே கேட்டார்.

ரஃபி (கொருக்குப்பேட்டை, ஆர்.ஓ. சர்வீஸ்)

ரொம்ப சந்தோஷம் அக்கா. உள்ளே கெட்டியாக நின்ற உப்பு இப்போது கழுவிக்கொண்டு போகிறது, அதனால் தாண்டி வரும் உப்பும் குறைகிறது. படிந்தது படிந்ததுதான், 90 மில்லி என்பது ஏறாது. டேங்க் நிறையும் வேகம் போதுமென்றால் இன்னும் சில மாதம் ஓட்டுங்கள்.

வசந்தா டீச்சர் (ராயபுரம்)

இங்கேதான் எனக்கு ஒப்பவில்லை. 90-க்கு 430 என்றால் ஒரு லிட்டருக்கு ஐந்து லிட்டர் பக்கம் போகிறது. புது மெம்பிரேன் போட்டால் 150 வரும், வேஸ்ட் மூன்று மடங்காக இறங்கும் என்று நீங்களே சொன்னீர்கள். இரண்டாயிரம் ரூபாயை மிச்சம் பிடிக்க மாதக்கணக்கில் தண்ணீரைக் கொட்டுவதா? போர் தண்ணீர்தானே என்று நினைக்கக் கூடாது, இந்தக் கரையோரத்தில் இறைக்க இறைக்கத்தான் கடல் உள்ளே வருகிறது.

ரஃபி (கொருக்குப்பேட்டை, ஆர்.ஓ. சர்வீஸ்)

நான் செலவைப் பார்த்துச் சொன்னேன், டீச்சரம்மா. நீங்கள் சொல்வதையும் தள்ள முடியாது. சிட்ரிக் கழுவி 90-ஐ 110, 120 ஆக்கிப் பார்க்கலாம், அது ஏறாவிட்டால் மாற்றிவிடலாம். அக்கா முடிவு செய்யட்டும். மாற்றினால் புது மெம்பிரேனின் முதல் டேங்க் தண்ணீரை முழுக்கக் கொட்டிவிடுங்கள், கெடாமல் இருக்கப் போட்ட மருந்து அதில் இருக்கும்.

டேவிட் (திருவொற்றியூர்)

கடினத்தன்மை கிட் ஆர்டர் செய்துவிட்டேன். ரஃபி பாய், எங்கள் எஃப்.ஆரைக் கழற்றிப் பார்த்தேன், 550 என்று இருக்கிறது. ஜாடியில் 510 வருகிறது, நல்ல தண்ணீர் 120.

ரஃபி (கொருக்குப்பேட்டை, ஆர்.ஓ. சர்வீஸ்)

அப்படியா! அப்போது தண்ணீரின் குணமா, பெரிய எஃப்.ஆரா என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். கிட் வந்ததும் இங்கேயே போடுங்கள்.

சுமதி (தண்டையார்பேட்டை)

ஞாயிற்றுக்கிழமை சிட்ரிக் போட்டுப் பார்க்கிறேன். 120 வராவிட்டால் 75 மெம்பிரேன் ஆர்டர் போட்டுவிடுவேன், டீச்சர். அசோசியேஷன் கூட்டத்தில் தனி மெட்ரோ லைன் விஷயத்தையும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். செயலாளர் பிளம்பரிடம் மதிப்பீடு கேட்கலாம் என்கிறார், கீழ் வீட்டுக்காரர்கள் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.